பனியன் துணிக்கு மடிப்பு, சட்டைக்கு ஹேங்கர், ஜாக்கெட்டுக்கு?

(நம் சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம். பேசியவர் திருப்பூர் பனியன் கம்பெனி ஒன்றில் செக்கிங் பிரிவில் வேலை பார்த்துவிட்டு, இப்போது நம் பகுதியில் தையல் கடை நடத்துகிறார்.)



செயலாளர் சார் என்னைப் பேசக் கூப்பிட்டபோது ஒரே ஒரு கேள்வியைத்தான் கேட்டார். "ஒரே பீரோ, ஒரே ஹேங்கர். சட்டை அப்படியே இருக்கு, டீ-ஷர்ட் மட்டும் நீண்டு போகுது, தோள்ல கொம்பு மாதிரி துருத்திக்குது. ஏன்?" என்றார். இந்தக் கேள்விக்கு நம் ஆர்.கே.பேட்டையில் பதில் சொல்வது சுலபம். வெளியே போய் இரண்டு தெரு நடந்தாலே தறிச் சத்தம் கேட்கிற ஊர் இது.

தறியில் என்ன நடக்கிறது என்று உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். பாவு நூல் நீளவாக்கில் விறைப்பாக நிற்கிறது. ஊடை நூல் குறுக்கே போய் வருகிறது. சட்டைத் துணி இப்படி நெய்ததுதான். அதை வெட்டும்போது பாவு நூல் சட்டையின் நீளத்தில் வருமாறு வைத்துத்தான் வெட்டுவோம். ஆகவே சட்டையை ஹேங்கரில் மாட்டினால், மேலிருந்து கீழ் வரைக்கும் நேராக ஓடுகிற ஆயிரக்கணக்கான நூல்கள் எடையைத் தாங்குகின்றன. நேராக இருக்கிற நூல் இழுத்தால் எவ்வளவு நீளும்? ஏறக்குறைய ஒன்றுமில்லை.

பனியன் துணி தறியில் நெய்தது அல்ல. திருப்பூரில் வட்டப் பின்னல் மெஷினில் ஊசிகள் பின்னுகிற துணி அது. அதில் மேலிருந்து கீழாக நேராக ஓடுகிற நூலே கிடையாது. ஒவ்வொரு நூலும் பாம்பு போல வளைந்து வளைந்து குறுக்கே ஓடுகிறது. மேல் வரிசை வளையத்துக்குள் கீழ் வரிசை வளையம் கோத்துக் கிடக்கிறது. வீட்டில் ஸ்வெட்டர் பின்னியவர்களுக்கு இது புரியும். கீழே இழுத்தால் ஒவ்வொரு வளையமும் உயரமாகிறது, கூடவே ஒல்லியாகிறது. அதனால்தான் நீண்டுபோன டீ-ஷர்ட் மார்புப் பக்கம் இறுக்கமாகவும் தெரியும். "துவைச்சதில் சுருங்கிடுச்சு" என்று பலர் நினைத்துக்கொள்வார்கள். நீளம் கூடி அகலம் குறைந்திருந்தால் அது சுருக்கம் அல்ல, தொங்கல்.

உங்கள் உடை எந்த வகை என்று தெரியாவிட்டால், துணியைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். முகப்புப் பக்கத்தில் சின்னச் சின்ன அம்புக்குறிகள் வரிசையாக அடுக்கியது போல் தெரிந்தால் பின்னல். குறுக்கும் நெடுக்குமாகக் கட்டம் தெரிந்தால் நெசவு. காலர் வைத்திருக்கிறதே, சட்டைதானே என்று நினைக்க வேண்டாம். பிள்ளைகள் ஸ்கூலுக்குப் போட்டுப் போகிற காலர் டீ-ஷர்ட்டும் பின்னல்தான். லெக்கிங்ஸ் கடையில் விற்கிற மெத்தென்ற குர்த்தாக்களும் பெரும்பாலும் பின்னல்தான். இவற்றைத்தான் நிறைய வீடுகளில் ஹேங்கரில் பார்க்கிறேன்.

அடுத்து எடையைப் பார்ப்போம். திருப்பூரில் துணியை ஜி.எஸ்.எம். கணக்கில் பேசுவார்கள். ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம் என்பதுதான் அது. 180 ஜி.எஸ்.எம். துணியில் பெரியவர்களுக்கான அரைக்கை டீ-ஷர்ட் ஒன்று தைக்க ஏறக்குறைய ஒரு சதுர மீட்டர் போகும். ஆக, உலர்ந்த நிலையில் 180 முதல் 200 கிராம். அதைக் கையால் பிழிந்து எடுத்தால், பருத்தி தன் எடை அளவுக்கே தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். அதாவது ஈரத்தில் சுமார் 400 கிராம். இந்த எடை முழுவதும் ஹேங்கரின் இரண்டு முனைகளுக்குப் பக்கத்தில் சில விரற்கடை அகலத்தில் தொங்குகிறது. தண்ணீர் மெல்ல மெல்ல விளிம்புக்கு இறங்குவதால், கீழ்ப்பகுதி இன்னும் நெடுநேரம் கனமாகவே இருக்கும். அந்த நிலையிலேயே துணி உலர்ந்துவிட்டால், நீண்ட வளையம் நீண்டபடியே நின்றுவிடும். பருத்தி நூலுக்கு ரப்பர் போலத் தானாகத் திரும்பி வருகிற குணம் கிடையாது.

பெரும்பாலான கெடுதல் பீரோவில் நடப்பதில்லை, பால்கனியில் நடக்கிறது. உலர்ந்த பனியன் ஒரு வாரம் ஹேங்கரில் தொங்கினால் கொஞ்சம்தான் கெடும். ஈரப் பனியன் ஒரே மதியத்தில் கெட்டுவிடும்.

போன மாதம் நம் குடியிருப்பில் ஓர் அம்மா கடைக்கு வந்தார். ஒரே கடையில், ஒரே சைஸில், இரண்டு நிறத்தில் பனியன் துணிக் குர்த்தா வாங்கியிருக்கிறார். விஸ்கோஸோடு கொஞ்சம் லைக்ரா கலந்த துணி. நீலத்தை வாரம் ஒரு முறை போட்டு, துவைத்து, மெல்லிய பிளாஸ்டிக் ஹேங்கரில் பால்கனிக் கம்பியில் மாட்டியிருக்கிறார். மெரூனை இன்னும் பிரிக்கவே இல்லை. "நீலத்தை மட்டும் உயரம் குறைச்சுக் கொடுங்க" என்றார். நான் இரண்டையும் மேசையில் விரித்து அளந்தேன். கழுத்தை ஒட்டிய தோள் உச்சியிலிருந்து விளிம்பு வரை மெரூன் 42 அங்குலம், நீலம் நாற்பத்து மூன்றரை. அக்குளுக்குக் கீழே அகலம் மெரூனில் 19, நீலத்தில் பதினெட்டரை. தோள் தையலைத் தாண்டிக் கையின் ஆரம்பத்தில் இரண்டு பக்கமும் சுண்டைக்காய் அளவுக்குக் கொம்பு.

வெட்டினால் நீளம் சரியாகும், அகலம் திரும்பாது. அதனால் வெட்ட வேண்டாம் என்றேன். அந்தக் குர்த்தாவை மறுபடி நனைத்து, வலைப்பையில் போட்டு மெஷினில் சுற்றவிட்டு, ஒரு கட்டிலில் பழைய லுங்கியை விரித்து அதன் மேல் படுக்க வைக்கச் சொன்னேன். மெரூனைப் பக்கத்தில் அளவுக்கு வைத்துக்கொண்டு, உள்ளங்கையால் கீழிருந்து மேலாகத் தள்ளி, அக்குளில் கொஞ்சம் அகலப்படுத்தி, 42க்குக் கொண்டுவந்து, மின்விசிறிக் காற்றில் உலர விட்டார். அரை அங்குலம் மட்டும் திரும்பி வரவில்லை. கொம்பு போய்விட்டது. விஸ்கோஸ் ஈரத்தில் பலம் குறைந்துபோகிற நூல் என்பதால் அந்த அரை அங்குலம் நின்றுவிட்டது. தூய பருத்தியாக இருந்தால் இன்னும் நன்றாகத் திரும்பியிருக்கும்.

ஆகவே பின்னல் உடைகளைக் காயப்போடும்போது தோளில் மாட்டவே வேண்டாம். முதலில் மெஷினில் நன்றாகச் சுற்றி நீரை எடுத்துவிடுங்கள். பிறகு கம்பியின் மேல் அக்குள் மட்டத்தில் மடங்குமாறு போடுங்கள். பாதி எடை ஒரு பக்கம், பாதி மறுபக்கம். கயிற்றைவிடச் சற்றுத் தடித்த ஸ்டீல் கம்பி நல்லது. இரண்டு கம்பிகள் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் இரண்டின் மேலும் படுக்க வைத்தாற்போல் போடலாம், அது இன்னும் நல்லது. கிளிப்பைத் தோளிலோ கீழ் விளிம்பிலோ போடாதீர்கள். அக்குள் தையலில் போட்டால் தடம் தெரியாது.

இனி மடிப்பு. இதற்கு ஒரு அட்டை போதும். 9 அங்குல அகலம், 12 அங்குல உயரத்தில் ஒரு பழைய அட்டைப் பெட்டியை வெட்டிக்கொள்ளுங்கள். டீ-ஷர்ட்டை முகம் கீழே இருக்குமாறு மேசையில் விரித்து, கையால் தடவி நேராக்குங்கள், இழுக்க வேண்டாம். அட்டையைக் கழுத்துக்குக் கீழே நடுவில் வையுங்கள். இடது பக்கத்தை அட்டை விளிம்பில் மடித்து, கையைத் திருப்பி உள்ளே விடுங்கள். வலது பக்கமும் அப்படியே. அட்டையை உருவிவிட்டு, கீழிருந்து மேலாக ஒரு முறை மடித்தால் கடையில் அடுக்குவது போல வரும். இன்னொரு முறை மடித்தால் புத்தகம் போல நிற்க வைக்கலாம். நிற்க வைப்பதில் ஒரு வசதி, நடுவில் ஒன்றை உருவினால் மற்றவை சரியாது. படுக்க வைத்து அடுக்குவதானால் எட்டு, பத்துக்கு மேல் போக வேண்டாம், அடியில் இருப்பதற்கு அழுத்தக் கோடு விழும்.

பயணத்துக்குச் சுருட்டி வைப்பது டீ-ஷர்ட்டுக்கு ஒன்றும் செய்யாது. ஸ்வெட்டரை மட்டும் இறுக்கிச் சுருட்டாதீர்கள்.

ஸ்வெட்டர் என்றதும் ஒன்று சொல்லிவிடுகிறேன். நம் பக்கத்தில் பல வீடுகளில் ஸ்வெட்டர் இருப்பதே மார்கழி, தையில் திருமலைக்குப் போவதற்குத்தான். மீதிப் பத்து மாதமும் அது ஹேங்கரில்தான் தொங்குகிறது. கம்பளி நூல் தடியானது, வளையமும் பெரியது, எடையும் அதிகம். பின்னல் உடைகளிலேயே ஹேங்கர் கூடவே கூடாது என்றால் அது இதுதான். துவைத்து, உலர்த்தி, தளர்வாக மடித்துப் படுக்க வையுங்கள். தட்டில் இடமே இல்லையென்றால் இப்படிச் செய்யலாம். ஸ்வெட்டரை நீளவாக்கில் நடுவில் மடித்து, இரண்டு கைகளும் ஒன்றின் மேல் ஒன்று வருமாறு வையுங்கள். ஹேங்கரைத் தலைகீழாக, அதன் கொக்கி அக்குளில் வருமாறு அதன் மேல் வைத்து, உடம்புப் பகுதியை ஹேங்கரின் ஒரு தோளின் மேலாகவும், கைகளை மறு தோளின் மேலாகவும் மடித்து நடுக்கம்பிக்குள் விடுங்கள். இப்போது எடை தோள் தையலில் விழாது. உலர்ந்த உடைக்கு மட்டும்தான் இது.

டீ-ஷர்ட்டை ஹேங்கரில்தான் வைப்பேன் என்று அடம்பிடிக்கிறவர்கள் ஒவ்வொரு வீட்டிலும் உண்டு, முக்கியமாகக் கல்லூரிப் பிள்ளைகள். அவர்களுக்கு ஒன்றே ஒன்று: ஹேங்கரைக் கழுத்து வழியாகத் திணிக்காமல் கீழ்ப்பக்கமாக உள்ளே விடச் சொல்லுங்கள். கழுத்துப் பட்டி முதலில் தளர்வது அந்தத் திணிப்பில்தான்.

சட்டைக்கு வருகிறேன். சட்டை நீளாது என்றேன். ஆனால் தோளில் கொம்பு வரும். அதற்குக் காரணம் ஹேங்கரின் அளவும் முனையும். உங்கள் சட்டையைத் திருப்பிப் போட்டு, முதுகுப் பக்கம் ஒரு தோள் தையலிலிருந்து மறு தோள் தையல் வரை டேப் வைத்து அளந்து பாருங்கள். 40 சைஸ் சட்டையில் ஏறக்குறைய 18 அங்குலம் வரும். ஹேங்கர் அதைவிட ஒரு அங்குலம் குறைவாக, 17 இருக்க வேண்டும். அப்போது இரண்டு முனையும் தையலுக்கு அரை அங்குலம் உள்ளே நிற்கும். அங்கே துணி இரண்டு மூன்று அடுக்கு, முனை தெரியாது. ஹேங்கர் 19 என்றால் முனை கையின் ஒற்றைத் துணியில் முட்டிக் கொம்பு போடும். குழந்தைகளுக்கான 14 அங்குல ஹேங்கரில் அப்பாவின் சட்டையை மாட்டினால் தோளின் நடுவில் மேடு, அதற்கு வெளியே கை தொங்கிப் பள்ளம். வீட்டில் எல்லோருக்கும் ஒரே கட்டு ஹேங்கர் வாங்குவதுதான் இந்தப் பிரச்சினைக்கு முதல் காரணம்.

அடுத்தது முனையின் தடிமன். கம்பி ஹேங்கர் 1903ல் அமெரிக்காவில் ஒரு கம்பித் தொழிற்சாலை ஊழியர் தன் கோட்டை மாட்ட இடமில்லாமல் கம்பியை வளைத்துச் செய்ததில் பிறந்தது என்று சொல்வார்கள். கோட்டுக்கு அது பொருந்தும், கோட்டின் தோளில் பஞ்சுத் திண்டு உண்டு. நம் மெல்லிய பருத்திச் சட்டையில் அதே எடை ஒரு கம்பியின் கோட்டில் விழுந்தால் தடம் பதியும். முனை உங்கள் கட்டைவிரல் தடிமனாவது இருக்கட்டும், தோள் போலவே சற்றுக் கீழே சாய்ந்து இருக்கட்டும். டிரை கிளீனிங்கில் கம்பி ஹேங்கரோடு வந்தால், வீட்டுக்கு வந்ததும் மாற்றிவிடுங்கள். தூக்கிப் போட மனசில்லை என்றால் பழைய டீ-ஷர்ட் பட்டைகளை இரண்டு தோளிலும் சுற்றித் தைத்துக்கொள்ளலாம், கடைக்குக் கொண்டு வந்தால் நானே செய்து தருகிறேன்.

வெல்வெட் ஒட்டிய ஹேங்கர் இப்போது ஆன்லைனில் மலிவாகக் கிடைக்கிறது. வழுக்காது, நல்லதுதான். ஆனால் ஈரத் துணியை அதில் மாட்டாதீர்கள், சாயம் ஒட்டலாம். மர ஹேங்கரிலும் ஈரம் கறை விடும். இஸ்திரி போட்ட சட்டையைச் சூடு ஆறிய பிறகே மாட்டுங்கள். சூடும் லேசான ஈரமும் உள்ள பருத்தி எந்த வடிவத்தில் ஆறுகிறதோ அந்த வடிவத்தைப் பிடித்துக்கொள்ளும். மேல் பட்டனையும் மூன்றாவது பட்டனையும் போட்டுவிட்டால் காலர் நேராக நிற்கும், சட்டை ஒரு பக்கம் சாயாது. ஹேங்கருக்கும் ஹேங்கருக்கும் நடுவில் விரல் நுழைகிற இடைவெளி வேண்டும். பீரோவில் திணித்து வைத்தால் எந்த ஹேங்கரும் காப்பாற்றாது.

கடைசியாக ஜாக்கெட். என்னிடம் மிக அதிகமாக வருவது இதுதான், மிகத் தவறாக வைக்கப்படுவதும் இதுதான். ஜாக்கெட் நெசவுத் துணிதான், சின்னதுதான், எடையும் குறைவு. அப்புறம் ஏன் தொங்குகிறது? வெட்டும் விதம்தான் காரணம். கிராஸ் கட்டிங் ஜாக்கெட்டில் முன்பக்கத் துணியைப் பாவு நேராக வைத்து வெட்டுவதில்லை, சாய்வாக வைத்து வெட்டுகிறோம். ஒரு கைக்குட்டையை நேர் விளிம்பில் இழுத்துப் பாருங்கள், நீளாது. மூலைக்கு மூலை இழுத்துப் பாருங்கள், நீளும். உடம்போடு பொருந்தி வருவதற்காகவே அந்தச் சாய்வு. ஹேங்கரில் தொங்கும்போது அதே சாய்வு உங்களுக்கு எதிராக வேலை செய்யும். மாதக் கணக்கில் தொங்கினால் முன்பக்கம் இறங்கி, மார்புப் பொருத்தம் கீழே போய்விடும். லைனிங் கொடுத்துத் தைத்ததில் இது குறைவு.

அதோடு ஜாக்கெட்டின் தோள் அளவு 14 அங்குலம் சுற்றித்தான் இருக்கும். கழுத்து அகலமாக இருந்தால் தோள் பட்டி இரண்டு, இரண்டரை அங்குலம்தான். அதில் 17 அங்குல ஹேங்கரை நுழைத்தால் முனை கைக்குள் போய் நிற்கும். தினசரிப் பருத்தி ஜாக்கெட்டை மாட்டித்தான் ஆக வேண்டும் என்றால் பள்ளிப் பிள்ளைகளுக்கான 12, 13 அங்குல ஹேங்கரை வாங்குங்கள், ஊக்குகளைப் போட்டு மாட்டுங்கள்.

ஆரி வேலை செய்த கல்யாண ஜாக்கெட்டை மட்டும் எந்த ஹேங்கரிலும் மாட்டாதீர்கள். பாசி, கல், சரிகைக் கம்பி எல்லாம் கையிலும் முதுகிலும் ஒரே இடத்தில் குவிந்திருக்கும். அந்த எடை முழுவதும் இரண்டு விரல் அகலத் தோள் பட்டியில் தொங்கும். இன்றைக்குத் தையல் கூலி புடவை விலையையே தொடுகிற காலம், பார்த்துக்கொள்ளுங்கள். ஊக்குகளைப் போட்டு, முகம் மேலே வைத்து, பழைய பருத்தி வேட்டித் துண்டு ஒன்றை மேலே விரியுங்கள். கைகளை அந்தத் துண்டின் மேல் மடியுங்கள். இடுப்புப் பக்கம் மடிக்க வேண்டி வந்தால் மடிப்புக்குள் ஒரு சுருட்டிய துணியை வையுங்கள், அப்போது சரிகை ஒரே கோட்டில் முறியாது. மூன்று நான்கு மாதத்துக்கு ஒருமுறை பிரித்து வேறு இடத்தில் மடியுங்கள். கப் வைத்துத் தைத்த ஜாக்கெட்டை மடிக்கவே வேண்டாம். ஒன்றின் கப்புக்குள் இன்னொன்றின் கப் உட்காருமாறு கிண்ணம் அடுக்குவது போல அடுக்கலாம்.

புடவையோடு ஜாக்கெட்டையும் ஒரே உறையில் போடும் வழக்கம் நம் வீடுகளில் இருக்கிறது. தேட வசதிதான், ஆனால் ஊக்கு பட்டில் மாட்டி நூலை இழுத்துவிடும். ஜாக்கெட்டைத் தனியாக ஒரு துணியில் சுற்றி அதே உறைக்குள் வையுங்கள்.

ஏற்கனவே கொம்பு வந்துவிட்டதா? பருத்திச் சட்டை, டீ-ஷர்ட் என்றால் அந்த இடத்தில் மட்டும் தண்ணீர் தெளித்து, இஸ்திரிப் பெட்டியைத் துணியில் படாமல் ஒரு அங்குலம் உயரத்தில் பிடித்து ஆவி விடுங்கள். ஆவிப் பெட்டி இல்லாதவர்கள் ஈரக் கைக்குட்டையை மேலே போட்டுப் பெட்டியை லேசாகத் தொட்டுத் தொட்டு எடுங்கள், தேய்க்க வேண்டாம். பிறகு விரலால் மேட்டை வெளியிலிருந்து நடுவுக்குத் தட்டி, படுக்க வைத்து முழுவதும் ஆற விடுங்கள். பட்டில் தண்ணீர் தெளித்தால் வட்டக் கறை விழும், அதற்கு உலர்ந்த மெல்லிய துணியை மேலே போட்டுக் குறைந்த சூட்டில் செய்யுங்கள். லைக்ரா கலந்த துணியில் மேடு போன பிறகும் அந்த இடம் தளர்ந்து நெளிந்தால் உள்ளே லைக்ரா இழை அறுந்திருக்கிறது என்று பொருள், அது திரும்பாது.